முன்வரிசைக்காக மூன்று நிமிடம்

தமிழக அரசு அலுவலகங்களில் 60 வயது நிறைகிற மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு மட்டும் அதற்கு முந்தைய மாதக் கடைசி. பணி நிறைவு விழா என்றைக்கு என்பது பல வருடம் முன்பே தெரிந்த விஷயம். ஆனாலும் "நீங்களும் ரெண்டு வார்த்தை பேசணும்" என்ற தகவல் அன்று மதியச் சாப்பாட்டு வேளையில்தான் வந்து சேரும். நான்கு மணிக்கு மைக் கைக்கு வரும்போது நேர்மை, கடமை உணர்வு, சிரித்த முகம் என்று யாருக்கும் பொருந்துகிற சொற்களே வாயில் வரும். ஆகவே ஒரு வாரம் முன்பே, கேட்காவிட்டாலும், தயாராகுங்கள்.

யாருக்காகப் பேசுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கூட இருந்து பார்த்த சக ஊழியர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முன்வரிசையில் கணவர், மகள், பேரப்பிள்ளை என்று உட்கார்ந்திருக்கிறார்களே, பேச்சு அவர்களுக்கானது. முப்பது வருடம் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போன அம்மா அங்கே என்ன செய்தார் என்று வீட்டுக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் நாம் மட்டும்தான்.

தாலுகா அலுவலகப் பதிவறையில் நெடுங்காலம் வேலை பார்த்த அக்கா ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரோடு நெருங்கிப் பழகிய இரண்டு பேரிடம், அதில் ஒருவர் அலுவலக உதவியாளராக இருக்கும்படி, "அவங்க வேலை செஞ்சதுல எது இப்பவும் கண்ணுல நிக்குது?" என்று கேளுங்கள். "நல்லவங்க" என்று பதில் வந்தால் விடாதீர்கள், "என்னைக்கு?" என்று கேளுங்கள். அப்போதுதான் கதை வரும். பேச்சு இப்படி அமையலாம்:

"எல்லாருக்கும் வணக்கம். அக்காவோட பேரப்பிள்ளைங்க வந்திருக்காங்க, அவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஒரு ஐப்பசி மழையில பதிவறைக் கூரை ஒழுக ஆரம்பிச்சுது. மணி ஆறு, எல்லாரும் கிளம்பிட்டோம். உங்க பாட்டி மட்டும் முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டு, கீழ்த்தட்டுல இருந்த கட்டுகளை ஒவ்வொண்ணா மேஜை மேல ஏத்தினாங்க. நனைஞ்ச கட்டுகளைப் பிரிச்சு, தாள் தாளா ஃபேன் காத்துல விரிச்சாங்க. அடுத்த மாசம் ஒரு பெரியவர் தன் அப்பா காலத்துப் பட்டா சம்பந்தமான கோப்பைத் தேடி வந்தார். அது அந்த நனைஞ்ச கட்டுல இருந்துச்சு. அந்தப் பெரியவருக்கு இந்த விஷயம் தெரியாது. உங்களுக்குத் தெரியணும்னுதான் சொல்றேன். அக்கா, அந்தக் கட்டுகளை இனிமே நாங்க பாத்துக்கறோம்."

நிறுத்தி நிதானமாகப் பேசினாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேறு சம்பவம் வேண்டாம். ஒன்றே மனதில் நிற்கும். 'கடமை உணர்வு' என்ற சொல்லே இதில் இல்லை, பாருங்கள். அதைக் கேட்பவர்களே உணர்ந்துகொள்வார்கள்.

நேரத்தைத் தின்பது விளிப்புதான். மேடையில் உள்ள ஒவ்வொருவரையும் பதவியோடு 'அவர்களே' போட்டு அழைத்தால் ஒரு நிமிடம் போய்விடும். முதலில் பேசுபவர் அதைச் செய்தால் போதும். நீங்கள் ஐந்தாவது ஆளாக இருந்தால், உங்கள் சம்பவத்தை முன்னால் பேசியவர் சொல்லிவிடக்கூடும். அதற்காக இன்னொன்றைக் கைவசம் வைத்திருங்கள். வீட்டில் ஃபோனில் நேரம் வைத்து, வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். கண்ணால் படிக்கும்போது எளிதாக இருக்கிற வாக்கியம் பேசும்போது மூச்சு வாங்க வைக்கும்.

தவிர்க்க வேண்டியவற்றில் கிடைக்காமல் போன பதவி உயர்வு, வாங்கிய மெமோ, மருத்துவ விடுப்பு ஆகியவை முக்கியமானவை. ஒரு விழாவில் நான், "பதவி உயர்வு தட்டிப்போனபோதும் சார் முகம் சுளிக்கவில்லை" என்று பாராட்டாக நினைத்துச் சொன்னேன். முன்வரிசையில் அவர் மனைவி சட்டென்று தலை குனிந்தார். வீட்டில் அவர் அதைச் சொல்லவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, சந்தேகம் வரும் சம்பவத்தை ஓய்வு பெறுபவரிடமே முதல் நாள் சொல்லி, "இதைப் பேசலாமா?" என்று கேட்டுவிடுகிறேன். ஆச்சரியம் கொஞ்சம் குறையும்; பரவாயில்லை.

கடைசியில் அவர் ஏற்புரை சொல்ல எழும்போது பெரும்பாலும் குரல் தழுதழுக்கும். நாம் சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்காது. பேச்சை எழுதிய தாளை மடித்து அவர் மகள் கையில் கொடுத்துவிடுங்கள்.