ட்யூஷன் சென்டருக்கு எந்த விளம்பரம் ஆள் சேர்க்குது?

வீட்டு மாடியில் ஆறாவது முதல் பத்தாவது வரை சமச்சீர் பாடம் எடுக்கும் ஒரு ட்யூஷன் சென்டர். ஜூன் மாத விளம்பரத்துக்குக் கையில் 2,500 ரூபாய்தான் இருக்கு என்று வைத்துக்கொள்வோம். மூணு வழி போதும்: பேப்பருக்குள் வைத்துப் போடும் பிட் நோட்டீஸ், கூகுள் மேப்ஸில் இலவசப் பதிவு, ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சொல்லி வருபவர்கள்.

போன் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எங்களைப் பத்தி எப்படித் தெரிஞ்சுதுங்க?" பதிலை அப்பவே ஷீட்டில் ஏத்திடணும். A-இல் தேதி, B-இல் பெயர், C-இல் வழி, D-இல் டெமோ கிளாஸுக்கு வந்தாங்களா, E-இல் சேர்ந்தாங்களா. அட்மிஷன் அன்னிக்குக் கேட்டுக்கலாம்னு விட்டால், சேராமல் போனவங்க கணக்கிலேயே வரமாட்டாங்க.

```
=COUNTIFS(C:C,"நோட்டீஸ்",E:E,"ஆம்")
```

மாதக் கடைசியில் இப்படி வருதுன்னு வைங்க. நோட்டீஸுக்கு 1,500 ரூபாய் செலவு. 20 பேர் விசாரிச்சாங்க, 8 பேர் டெமோவுக்கு வந்தாங்க, 2 பேர் சேர்ந்தாங்க. மேப்ஸுக்குச் செலவில்லை, 9 போன், 2 டெமோ, 1 அட்மிஷன். பெற்றோர் சொல்லி வந்தது 6 பேர், 5 டெமோ, 4 அட்மிஷன். சொன்ன பெற்றோருக்கு ஒரு அட்மிஷனுக்கு 200 ரூபாய் ஃபீஸில் கழிச்சதால் செலவு 800.

போன் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நோட்டீஸ்தான் ஜெயிச்ச மாதிரி தெரியும். ஆனால் ஒரு அட்மிஷனுக்கான செலவு நோட்டீஸில் 750 ரூபாய், பெற்றோர் வழியில் 200 ரூபாய்தான்.

அதுக்காக நோட்டீஸை உடனே நிறுத்திடக் கூடாது. எந்தப் படியில் ஆள் குறையுதுன்னு முதலில் பாருங்க. 20 பேரில் 12 பேர் டெமோவுக்கே வரலை. திரும்பக் கூப்பிட்ட தேதிக்கு ஒரு காலம் சேர்த்தால், அன்னிக்கே பேசினவங்களில் எத்தனை பேர் வந்தாங்க, மூணு நாள் கழிச்சுப் பேசினவங்களில் எத்தனை பேர்னு தெரியும். தாமதம்தான் காரணம்னா கோளாறு நம்மகிட்ட. நோட்டீஸ் மேல தப்பில்லை. மேப்ஸில் வந்த 9 பேரில் பாதிப் பேர் சிபிஎஸ்இ கேட்டிருந்தால், பதிவிலேயே "சமச்சீர், 6–10 வகுப்பு"ன்னு எழுதிட்டால் வீண் போன் குறையும்.

ரெண்டு விஷயத்தில் ஜாக்கிரதை. பக்கத்து வீட்டில் கேள்விப்பட்டு, நோட்டீஸில் நம்பர் பார்த்துக் கூப்பிடுறவங்க உண்டு; அவங்களுக்கு ரெண்டு வழியையும் குறிச்சு வைங்க. அடுத்தது, 2 அட்மிஷன், 4 அட்மிஷன் எல்லாம் ரொம்பச் சின்ன எண்கள். ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி சேர்ந்து வந்தாலே கணக்கு மாறிடும். அதனால் காலாண்டுத் தேர்வு மார்க் வந்த வாரத்தில் நோட்டீஸை இன்னொரு தடவை, பாதிச் செலவில் போட்டு, வர்ற எல்லாரையும் அன்னிக்கே திரும்பக் கூப்பிடுங்க. அப்பவும் அட்மிஷன் செலவு குறையலைன்னா, அந்தப் பணத்தைப் பெற்றோர் சலுகைக்கு மாத்திடலாம்.