சுருக்கத்தில் விட்டுப்போன ஒன்பது கிணறுகள்

தருமபுரி மாவட்டத்துக் கிணற்று நீரில் ஃபுளோரைடு ஏன் கூடுகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சிவில் துறையில் உதவிப் பேராசிரியர் பணிக்கு முதன்முறை விண்ணப்பித்தபோது ரிசர்ச் ஸ்டேட்மெண்ட் கேட்டார்கள். ஆய்வேட்டின் 300 சொல் சுருக்கத்தையே இரண்டு பக்கமாக விரித்தேன். கடைசியில், பிற மாவட்டங்களுக்கும் இந்த ஆய்வு விரிவுபடுத்தப்படும் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் எனக்கு மூத்தவராக இருந்து, இப்போது வேறொரு கல்லூரியில் பேராசிரியராக இருக்கும் அக்காவிடம் அதைக் காட்டினேன். பென்சிலைக் கொடுத்து வினைச்சொற்களையெல்லாம் அடிக்கோடிடச் சொன்னார். சேகரிக்கப்பட்டன, பகுப்பாய்வு செய்யப்பட்டன, கண்டறியப்பட்டது என்றே போனது. கோடு விழுந்த எதிர்காலச் சொல் அந்தக் கடைசி வரியில் மட்டும்தான் இருந்தது.

“நீ என்ன செஞ்சேன்னு இதுல இருக்கும்மா. எங்க துறைக்கு வந்து அஞ்சு வருஷம் என்ன செய்வேன்னு எங்க இருக்கு? படிக்கிறவங்கள்ல பாதிப் பேரு கான்கிரீட்டும் பாலமும் பார்க்கிறவங்க. அவங்களுக்கு முதல் பாராவுலயே கேள்வி புரியணும்.”

என் சுருக்கம் ‘கடின பாறை நீர்த்தாங்கிகளின் நீர்ப்புவி வேதியியல்’ என்று தொடங்கியது. ஸ்டேட்மெண்டை இப்படித் தொடங்கி எழுதினேன்: ‘ஒரே ஊரில் இருநூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு கிணறுகள். ஒன்றின் நீரைக் குடிக்கலாம்; மற்றொன்றில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுகிறது. பாறை ஒன்றுதான் என்றால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது?’ ஆய்வேடு தந்த விடையை அடுத்த பாராவில் நான்கே வாக்கியங்களில் முடித்தேன். நீரில் பைகார்பனேட் கூடும்போது கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து வெளியேறிவிடுகிறது. ஃபுளோரைடைப் பிடித்துவைக்கப் போதிய கால்சியம் இல்லாததால், பாறையிலிருந்து கரைந்து வந்தது நீரிலேயே தங்கிவிடுகிறது. மாதிரி எடுத்த முறை, புள்ளியியல் சோதனைகள், மென்பொருளின் பெயர் எல்லாம் போயின. மூன்று ஆண்டு உழைப்பு அரைப் பக்கத்துக்குள் அடங்குவதைப் பார்க்க மனம் வலித்தது. ஆனாலும் அந்த அரைப் பக்கம் போதும். விவரம் வேண்டியவர் கட்டுரைகளைப் படித்துக்கொள்வார்.

மீதி ஒன்றரைப் பக்கத்தை நிரப்ப ஆய்வேட்டின் சுருக்கம் உதவவில்லை. சுருக்கம் என்பதே பொருந்தியவற்றை மட்டும் சொல்லும் எழுத்து. நான் மாதிரி எடுத்த 64 கிணறுகளில் ஒன்பது என் விளக்கத்துக்கு அடங்கவில்லை. மழைக்காலத்துக்குப் பிறகு மற்றவற்றில் ஃபுளோரைடு குறைய, இவற்றில் மட்டும் கூடியது. ஐந்தாம் இயலின் ஓர் அட்டவணையோடு அவற்றை விட்டுவிட்டிருந்தேன். அந்த ஒன்பதில் ஏழு தடுப்பணைகளுக்கு அருகில் இருப்பதை, பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். தடுப்பணையில் தேங்கி இறங்கும் நீர், கிணற்று நீரை நீர்க்கச் செய்கிறதா, அல்லது மேல்மண்ணில் படிந்த உப்புகளைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறதா? அடுத்த ஐந்தாண்டுக்கான கேள்வி எனக்கு அங்கே கிடைத்தது. ஏழு கிணறுகளை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். ஆனால் கேள்வி வெறும் ஊகமில்லை என்று காட்ட ஒரு சிறிய வரைபடத்துக்கு அவை போதுமானவை.

அதை மூன்று படிகளாகப் பிரித்தேன். முதல் இரண்டு ஆண்டில் மூன்று தடுப்பணைகளைச் சுற்றி மாதந்தோறும் அளவீடு. அதற்கு ஒரு ஃபுளோரைடு மின்முனையும் மாணவர் ஒருவரும் போதும், புதிதாகச் சேர்பவருக்குக் கல்லூரி தரும் தொடக்க நிதிக்குள் அடங்கும். பிறகு மண் தூண்களில் நீரைச் செலுத்தி, எந்த ஆழத்திலிருந்து ஃபுளோரைடு கரைகிறது என்று பார்க்கும் சோதனை. இதற்கு வெளி நிதி வேண்டும், எந்த நிறுவனத்திடம் கேட்பேன் என்றும் எழுதினேன். தடுப்பணைக்கு இடம் தேர்வதற்கான வழிமுறை கடைசிப் படி. முதல் வரைவில் ஃபுளோரைடு நீக்கும் வடிகட்டியும் நான்காவதாக இருந்தது. அதில் எனக்கு எந்த முன்வேலையும் இல்லை என்பதால் அக்கா அடித்துவிட்டார்.

இன்னொன்றையும் கேட்டார்: “இது உன் வேலையா, உன் கைடோட வேலையா?” கைடு அதே மாவட்டத்தில் பாறைச் சிதைவை ஆராய்பவர். தேர்வுக்குழுவுக்கும் இந்த ஐயம் வரும். எனவே, பாறையிலிருந்து ஃபுளோரைடு வெளிவருவது அவர் தொடரும் பணி, நீர்செறிவூட்டல் அதை எப்படி மாற்றுகிறது என்பது நான் தொடங்குவது என்று இரண்டு வரியில் எழுதினேன். அனுப்புமுன் அவரிடமே காட்டி ஒப்புதலும் வாங்கினேன்.

இப்போது துறைக்கேற்ப வரிசையை மாற்றுகிறேன். சிவில் துறைக்குத் தடுப்பணை முன்னால் வரும். புவியியல் துறைக்கு அனுப்பும்போது மண் தூண் சோதனையை முதலில் வைத்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் கருவிகளில் எதைப் பயன்படுத்துவேன் என்பதையும் துறையின் இணையதளத்தைப் பார்த்துச் சேர்க்கிறேன். ஒன்பது கிணறுகளின் வரைபடம் மட்டும் எல்லாப் பிரதியிலும் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.