எதையும் வாயில் வைக்கும் ஐந்து மாதக் குழந்தை: எதைக் கொடுக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

(பேரக்குழந்தைகளைப் பராமரிக்கும் தாத்தா பாட்டிகளுக்கு)

ஐந்து மாதக் குழந்தையின் மார்புத் துணி எப்போதும் நனைந்திருக்கும். கையில் கிடைப்பது எல்லாம் வாய்க்குப் போகும். இதைப் பார்த்ததும் "பல் முளைக்கப் போகிறது" என்று சொல்வோம். சில குழந்தைகளுக்கு அது சரியாக இருக்கலாம். பெரும்பாலும் ஆறு மாத அளவில் கீழ்த்தாடையின் முன்பற்கள் முதலில் தெரியும். ஆனால் மூன்று, நான்கு மாதத்திலேயே குழந்தைக்கு உமிழ்நீர் அதிகமாகச் சுரக்கத் தொடங்குகிறது. அதை முழுவதும் விழுங்கவும் அதற்குத் தெரியாது. பொருள்களை வாயால் தொட்டு அறிவதும் இந்த வயதின் இயல்பு. ஆகவே பல் வந்தாலும் வராவிட்டாலும் குழந்தை கடிக்கத்தான் செய்யும். அது கடிக்கும் பொருளிலிருந்து எதுவும் கழன்று தொண்டைக்குள் போகக்கூடாது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

மூன்று சோதனைகள்

எந்தப் பொருளையும் குழந்தையிடம் கொடுக்குமுன் வீட்டிலேயே மூன்று சோதனைகளைச் செய்யலாம்.

முதலாவது, குழாய்ச் சோதனை. கழிவறைத் தாள் சுருள் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாயை எடுத்து வையுங்கள். அதன் அகலம் சுமார் 4 சென்டிமீட்டர். ஒரு பொருளோ அதன் ஒரு பகுதியோ அந்தக் குழாய்க்குள் முழுவதும் புகுந்துவிட்டால், அது குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும். அதைக் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, இழுத்துப் பார்ப்பது. கண், பொத்தான், மணி, ரிப்பன் என ஒட்டியோ தைத்தோ வைத்திருக்கும் எதையும் விரலால் பிடித்து நன்றாக இழுங்கள். சற்றே ஆடினாலும் அது நாளை கழன்றுவிடும்.

மூன்றாவது, வளைத்து அழுத்திப் பார்ப்பது. விரிசல், பிசுபிசுப்பு, உரியும் சாயம் ஆகியவை அப்போது தெரியும். பளபளப்பான வெளிச்சத்தில் விரலால் தடவிப் பாருங்கள்.

ஐந்து பொருள்கள், ஐந்து முடிவுகள்

குழந்தையின் கூடையில் ஐந்து பொருள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகச் சோதிப்போம்.

முதலில், ஒரே அச்சில் வார்த்த சிலிக்கோன் வளையம். குழாய்க்குள் புகவில்லை, இழுக்கத் தனிப் பகுதி எதுவும் இல்லை, வளைத்தால் விரிசல் தெரியவில்லை. இதைக் கொடுக்கலாம். பிஞ்சுக் கை பிடிக்க எளிதாக இருப்பதும், வளையமாக இருப்பதால் தொண்டைவரை உள்ளே போகாததும் இதன் நன்மைகள்.

அடுத்தது, உள்ளே திரவம் நிரப்பிய வளையம். முதல் இரண்டு சோதனைகளிலும் தேறிவிடும். அழுத்தும்போது ஓரத்தில் சிறிது ஈரம் கசிந்தால் உடனே தூக்கி எறியுங்கள். பல் முளைத்த குழந்தை கடித்தால் இது கிழியும். ஆகவே திரவம் இல்லாத வளையத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது.

மூன்றாவது, வீட்டில் பத்திரமாக வைத்திருந்த வண்ண மரக் கிலுகிலுப்பை. தலை பெரியது, குழாய்க்குள் புகாது. ஆனால் அதன் மெல்லிய கைப்பிடி எளிதாக உள்ளே நுழைகிறது. உட்காரத் தெரியாத குழந்தை அதை வாயில் வைத்தபடி கவிழ்ந்தால், கைப்பிடி தொண்டையில் குத்தும். நகத்தால் கீறினால் சாயமும் உதிர்கிறது. பழைய சாயங்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. இதை அலமாரியில் நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பொத்தான் கண் வைத்த துணி யானை. ஒரு கண் ஆடுகிறது. திரும்பத் தைத்துக் கொடுக்க வேண்டாம்; ஈரத்தில் நூல் மறுபடியும் தளரும். கண்ணை நூலால் பூவேலையாகத் தைத்த பொம்மையே பாதுகாப்பானது.

ஐந்தாவது, குழந்தையின் கையில் கட்டிய வசம்பு வளையல். காலங்காலமாக நம் வீடுகளில் இருந்துவரும் வழக்கம் இது. ஆனால் கையைச் சப்பும் வயதில் வளையலும் வாய்க்குப் போகிறது. வசம்பின் துண்டு குழாய்க்குள் எளிதில் விழுகிறது. நூல் அறுந்தால் அது நேராக வாய்க்குப் போகும். மேலும் வசம்பு இந்த வயதுக் குழந்தை விழுங்க ஏற்ற பொருளன்று. கருப்பு மணி, கொலுசு மணி ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை. படம் எடுத்து முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம்.

கழுத்தில் எதுவும் வேண்டாம்

பல் வலிக்கு நல்லது என்று ஆம்பர் மணிமாலையைச் சிலர் குழந்தையின் கழுத்தில் போடுகிறார்கள். 18 மாதக் குழந்தை ஒன்று அப்படிப்பட்ட மாலையோடு தூங்கும்போது கழுத்து இறுகி இறந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018ஆம் ஆண்டின் எச்சரிக்கையில் குறிப்பிட்டது. கடிக்கும் வளையத்தையும் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்ட வேண்டாம்.

குளிர வைப்பது எப்படி?

ஈறு உறுத்தும்போது குளிர்ச்சி இதமாக இருக்கும். வளையத்தைக் குளிர்பதனப் பெட்டியின் சாதாரண அறையில் சிறிது நேரம் வையுங்கள். உறைபெட்டியில் வைத்தால் அது கல்லாகி, ஈற்றைப் புண்ணாக்கும். சுத்தமான ஈரத் துணியைக் குளிர வைத்துக் கொடுக்கலாம்; குழந்தை கடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். கழுவிய விரலால் ஈற்றை மெதுவாகத் தேய்ப்பதும் போதும்.

ஈறு மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவ வேண்டாம். பென்சோகெயின் கலந்தவை இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடலாம். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அது கூடாது. ஈற்றில் தேன் தடவுவதும் கூடாது; ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனில் இருக்கும் கிருமி கடும் நோயைத் தரலாம். கடிக்கட்டும் என்று ரஸ்க், பச்சைக் கேரட் துண்டு ஆகியவற்றைக் கொடுத்தால் அவை உடைந்து தொண்டையில் சிக்கும்.

வாங்கும்போதும், பிறகும்

பெட்டியில் சிவப்பு வட்டத்துக்குள் குழந்தை முகமும் 0-3 என்ற எண்ணும் இருந்து, குறுக்கே கோடு போட்டிருந்தால் அது மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. ஒளிரும், பாடும் பொம்மைகளில் பொத்தான் வடிவ மின்கலம் இருக்கும். அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். விழுங்கிய மின்கலம் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

நாள்தோறும் வளையத்தைச் சவர்க்காரம் கலந்த வெந்நீரில் கழுவி, மூன்றாவது சோதனையையும் அப்போதே செய்துவிடுங்கள்.

எப்போது மருத்துவரிடம்?

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை எட்டினாலோ, வயிற்றுப்போக்கு இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ பல்லைக் காரணமாகச் சொல்லிக் காத்திருக்க வேண்டாம். பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ காட்டுங்கள்.

குழந்தைக்கு மூச்சு அடைத்து, அழவோ இருமவோ முடியாவிட்டால், பக்கத்தில் இருப்பவரை 995-ஐ அழைக்கச் சொல்லுங்கள். குழந்தையைத் தலை தாழ்ந்திருக்க முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாங்கியபடி, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். பிறகு மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவே 5 முறை அழுத்துங்கள். பொருள் வெளியேறும்வரை அல்லது உதவி வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். குழந்தை அசைவற்றுப் போனால் இதயச் செயற்கைச் சுவாச முதலுதவியைத் தொடங்குங்கள். 995 ஊழியர் தொலைபேசியில் வழிகாட்டுவார். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவ வேண்டாம். அது இன்னும் ஆழத்துக்குப் போகும்.