தேய்பிறை அஷ்டமிக்கு எத்தனை வீடியோ?

கேள்வி: தனி ஆளாக யூடியூப் சேனல் நடத்துகிறேன். வேலை போக வாரத்துக்கு 8 மணி நேரம்தான் கிடைக்கிறது. போன ஆடியில் ஒகேனக்கல் வெள்ளத்தை 3 மணி நேரத்தில் எடுத்துப் போட்டேன். மூன்றே நாளில் 40,000 பேர் பார்த்தார்கள்; அதோடு சரி. எங்கள் ஊர் சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களுக்கு மூன்று வாரம் உழைத்தேன். முதல் வாரம் 300 பேர்தான். ஆனால் இன்றும் தினம் 20 பேர் வருகிறார்கள். காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமிதோறும் ஒரு வீடியோ போடுகிறேன், ஒவ்வொன்றுக்கும் 5 மணி நேரம் ஆகிறது. நேரத்தை எப்படிப் பிரிப்பது?
– வாசகர், அதியமான்கோட்டை

பதில்: வெள்ளமா, ஓவியமா என்று குழம்புகிறீர்கள். உங்கள் நேரத்தைத் தின்பது இரண்டும் அல்ல, அஷ்டமிதான். வருஷத்துக்கு 12 அல்லது 13 தேய்பிறை அஷ்டமி வரும். குறைந்தது 60 மணி நேரம் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப எடுக்கிறீர்கள். பூசணி விளக்கு எப்படி ஏற்றுவது, வண்டியை எங்கே நிறுத்துவது, கூட்டம் எப்போது குறையும் என்று மாதாமாதம் தேடுபவர்கள் வேறு வேறு ஆட்கள், கேள்வி ஒன்றுதான். அதற்கு ஒரே ஒரு நல்ல வீடியோ போதும்.

அதில் தேதியை வாயால் சொல்லாதீர்கள். ஏற்றிய வீடியோவில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கலாமே தவிர, அதே இணைப்பில் வேறு வீடியோவை மாற்றி வைக்க யூடியூப் விடாது. தலைப்பையும் விவரக் குறிப்பையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அடுத்த அஷ்டமித் தேதியை விவரக் குறிப்பிலும், மேலே பின் செய்த கமென்ட்டிலும் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். கால் மணி நேர வேலை. கார்த்திகையில் காலபைரவாஷ்டமிக் கூட்டத்தில் படம் பிடித்து, வருஷம் ஒருமுறை புதிதாகப் போடுங்கள்.

மாதத்தின் 32 மணி நேரத்தில் 24 மணி நேரம் ஓவியம் போன்றவற்றுக்கு. மணிக்கணக்குப் பார்த்தால் வெள்ளம்தான் ஜெயிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த ஆடியில் டிவி சேனல்கள் உங்களுக்கு முன்பே பிலிகுண்டுலுவில் நிற்கும். அந்த 40,000 மறுபடி வரும் என்று நம்பி உழைக்க முடியாது. மீதி 8 மணி நேரத்தைத் திடீர்ச் செய்திகளுக்கு வைத்திருங்கள். செய்தி இல்லாத மாதம் அதுவும் ஓவியத்துக்கே.

வெள்ளத்தையும் விட வேண்டாம். நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வரும். அப்போது எதைப் பார்க்கலாம், எங்கே நிற்கலாம் என்று வெள்ளம் இல்லாத நாளிலேயே ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் ஒரு நிமிட ஷார்ட்ஸ் போட்டு, அதில் Related video பகுதியில் அந்த வீடியோவை இணையுங்கள்.

மூன்று மாதம் கழித்து YouTube Studio-வில் கடைசி 28 நாள் கணக்கைத் திறந்து பாருங்கள். முதல் பத்தில் 90 நாளைத் தாண்டிய வீடியோக்கள் எத்தனை என்று எண்ணுங்கள். பாதிக்குக் குறைவு என்றால், திடீர்ச் செய்திகளுக்கு வைத்த 8 மணி நேரத்தை 4 ஆக்குங்கள்.