பத்தொன்பது மாதங்களின் நாட்காட்டி

மலேசிய வீடுகளின் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளில் ஒரே கட்டத்திற்குள் பல கணக்குகள் இருப்பதைக் காணலாம். பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி இருக்கும். அதைச் சுற்றி இஸ்லாமிய மாதம், சீனர்களின் மாதம், தமிழ் மாதம் ஆகியவை சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு கணக்கும் சூரியனையோ நிலவையோ, அல்லது இரண்டையும் சார்ந்தது. பஹாய் சமயத்தினரின் நாட்காட்டியும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால், அதில் பன்னிரண்டு மாதங்கள் இல்லை. பத்தொன்பது மாதங்கள் உள்ளன.

பஹாய் நாட்காட்டியில் ஒவ்வொரு மாதத்திற்கும் 19 நாள்கள். 19 மாதங்களுக்கு மொத்தம் 361 நாள்கள் ஆகின்றன. சூரிய ஆண்டுக்கோ 365 அல்லது 366 நாள்கள் தேவை. குறையும் 4 அல்லது 5 நாள்களும் எந்த மாதத்திலும் சேர்க்கப்படுவதில்லை. பதினெட்டாம் மாதம் முடிந்த பிறகு, பத்தொன்பதாம் மாதம் தொடங்கும் முன், அவை தனியே வைக்கப்படுகின்றன. ‘அய்யாமே ஹா’ எனப்படும் இந்நாள்களில் விருந்தோம்பலும் ஏழைகளுக்கு உதவுதலும் நடைபெறும். அதன்பின் வரும் கடைசி மாதமான ‘அலா’ நோன்பு மாதமாகும்.

நோன்பு மாதம் முடிந்ததும் ‘நவ்ரூஸ்’ என்னும் புத்தாண்டு பிறக்கிறது. இது மார்ச்சு மாதத்தில் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் காலத்தில் வருகிறது. சூரியன் நிலநடுக்கோட்டிற்கு நேர்மேலே வரும் அந்தக் கணம் எந்த நாளில் அமைகிறதோ, அந்த நாளே நவ்ரூஸ். பஹாய் கணக்கில் ஒரு நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. சூரியன் மறையும்போது தொடங்கி, மறுநாள் சூரியன் மறையும்போது முடிகிறது.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. சூரியன் எல்லா ஊர்களிலும் ஒரே நேரத்தில் மறைவதில்லை. ஒரே கணம் ஓர் ஊரில் இன்றைய நாளிலும், மற்றோர் ஊரில் நாளைய நாளிலும் அமையலாம். ஊருக்கு ஊர் புத்தாண்டு மாறினால் உலகெங்கும் ஒரே நாட்காட்டியைப் பின்பற்ற இயலாது. ஆகவே, ஈரானின் தெஹ்ரான் நகரம் கணக்கிடும் இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பஹாய் சமயத்தைத் தோற்றுவித்த பஹாவுல்லா பிறந்த ஊர் அது. 2015ஆம் ஆண்டு முதல் எல்லா நாட்டுப் பஹாய்களும் இந்தக் கணக்கையே பின்பற்றுகின்றனர். அதனால் நவ்ரூஸ் சில ஆண்டுகளில் மார்ச்சு 20இலும் சில ஆண்டுகளில் மார்ச்சு 21இலும் வருகிறது.

பஹாய்கள் வேலையையும் பள்ளியையும் நிறுத்திவைக்கும் புனித நாள்கள் ஆண்டுக்கு ஒன்பது. அவற்றுள் ஏழு நாள்களின் இடம் எளிது. அவை பஹாய் மாதத்தின் குறிப்பிட்ட தேதியிலேயே ஒவ்வோர் ஆண்டும் வரும். எடுத்துக்காட்டாக, ரிஸ்வான் பெருநாளின் முதல் நாள் இரண்டாம் மாதமான ஜலாலின் 13ஆம் நாள். 2025இல் நவ்ரூஸ் மார்ச்சு 20இல் வந்ததால் அது ஏப்ரல் 20இல் அமைந்தது. நவ்ரூஸ் மார்ச்சு 21இல் வரும் ஆண்டில் அது ஏப்ரல் 21ஆக மாறும்.

மீதமுள்ள இரண்டு நாள்கள் நிலவைப் பின்தொடர்கின்றன. அவை பாப் என்பவரின் பிறந்தநாளும் பஹாவுல்லாவின் பிறந்தநாளும் ஆகும். பாப், பஹாவுல்லாவின் வருகையை முன்னறிவித்தவர். ஆங்கிலத் தேதிப்படி பஹாவுல்லா 1817ஆம் ஆண்டு நவம்பர் 12இலும், பாப் 1819ஆம் ஆண்டு அக்டோபர் 20இலும் பிறந்தனர். ஆனால், அவர்கள் பிறந்த நாட்டில் வழங்கிய நிலவு நாட்காட்டியில் பாப் பிறந்தது முஹர்ரம் மாதத்தின் முதல் நாள். பஹாவுல்லா பிறந்தது அதே மாதத்தின் இரண்டாம் நாள். ஆங்கிலத் தேதியில் மூன்று வார இடைவெளியுள்ள பிறந்தநாள்கள், நிலவுக் கணக்கில் அடுத்தடுத்து நிற்கின்றன. அந்த நெருக்கத்தைக் காப்பதற்காகவே தனி விதி ஒன்று வகுக்கப்பட்டது. நவ்ரூஸுக்குப் பின் வரும் எட்டாவது அமாவாசைக்கு அடுத்த முதல் நாளும் இரண்டாம் நாளும் இரட்டைப் பிறந்தநாள்களாகும்.

இங்கு அமாவாசை என்பது கண்ணால் பிறை காண்பதைக் குறிக்கவில்லை. பந்திங் அருகிலுள்ள ஜுக்ரா குன்று, இஸ்லாமிய மாதத் தொடக்கத்திற்காகப் பிறை பார்க்கும் இடங்களுள் ஒன்று. பஹாய் விதிக்கு அத்தகைய காட்சி தேவையில்லை. பூமியிலிருந்து பார்க்கையில் நிலவும் சூரியனும் ஒரே திசையில் சேரும் கணமே போதும். பஞ்சாங்கத்தில் அமாவாசைத் திதி முடிகின்ற கணமும் அதுவே.

2025ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டு இவ்விதியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அவ்வாண்டு நவ்ரூஸ் மார்ச்சு 20. தெஹ்ரான் நேரப்படி அதன்பின் வந்த அமாவாசைகள் மார்ச்சு 29, ஏப்ரல் 27, மே 27, ஜூன் 25, ஜூலை 24, ஆகஸ்டு 23, செப்டம்பர் 21, அக்டோபர் 21 ஆகியவை. எட்டாவது அமாவாசை அக்டோபர் 21. மலேசியர்கள் அதற்கு முந்தைய நாளான அக்டோபர் 20இல்தான் தீபாவளி கொண்டாடினர். தீபாவளியும் அதே அமாவாசையை ஒட்டி வந்ததே இதற்குக் காரணம்.

அந்த அமாவாசைக் கணம் தெஹ்ரானில் பிற்பகல் 3.55க்கு நிகழ்ந்தது. அங்குச் சூரியன் மறைய இன்னும் ஒரு மணி நேரத்திற்கு மேல் இருந்தது. ஆகவே, அமாவாசை 21ஆம் நாளிலேயே அடங்கியது. பாப் அவர்களின் பிறந்தநாள் அக்டோபர் 22ஆகவும், பஹாவுல்லாவின் பிறந்தநாள் 23ஆகவும் அமைந்தன.

அதே கணத்தில் பந்திங்கில் கடிகாரம் இரவு 8.25ஐக் காட்டியது. அங்குச் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கே மறைந்துவிட்டது. பந்திங்கின் சூரியனை வைத்துக் கணக்கிட்டிருந்தால் அமாவாசை அடுத்த நாளில் விழுந்து, பிறந்தநாள்கள் 23, 24 என ஒரு நாள் தள்ளிப்போயிருக்கும். இதில் மற்றொரு வியப்பும் உண்டு. எந்தத் தேதி என்பதைத் தெஹ்ரான் முடிவுசெய்கிறது; ஆனால், அந்த நாள் தொடங்குவது அவரவர் ஊரில் சூரியன் மறையும்போது. எனவே, பந்திங்கில் வாழும் ஒரு பஹாய் குடும்பத்திற்கு அந்தப் பிறந்தநாள் 21ஆம் தேதி மாலை 7 மணியளவில் தொடங்கியது. அதற்குக் காரணமான அமாவாசைக் கணமோ அதன் பிறகுதான் வந்தது!

இக்கணக்கில் எளிதில் நேரக்கூடிய பிழை, நவ்ரூஸுக்கு முன் வந்த அமாவாசையையும் சேர்த்து எண்ணுவது. 2026ஆம் ஆண்டில் மார்ச்சு 19இல் ஓர் அமாவாசை. நவ்ரூஸோ மார்ச்சு 21. இரண்டு நாள் முந்தியதால் அந்த அமாவாசையை எண்ணக்கூடாது. எண்ணினால் பிறந்தநாள்கள் அக்டோபர் 12, 13 என வரும். சரியான தேதிகள் நவம்பர் 10, 11. இரட்டைப் பிறந்தநாள்கள் அக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையிலேயே வரவேண்டும். விடை அதற்கு முன் அமைந்தால் எண்ணிக்கையில் தவறு இருக்கிறது என்று அறியலாம்.

பஹாய் புனித நாள்கள் மலேசியாவில் நாடளாவிய பொது விடுமுறைகள் அல்ல. பஹாய் மாணவரும் தொழிலாளரும் விடுப்பை முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும். பிறை தெரியும்வரை காத்திருக்க வேண்டிய விதியாக இருந்தால், முதல் நாள் மாலைவரை தேதி உறுதியாகாது. வானியல் கணக்கைச் சார்ந்த விதி என்பதால், 2015 தொடங்கி ஐம்பது ஆண்டுகளுக்கான தேதிகள் ஒரே அட்டவணையாக முன்னரே வெளியிடப்பட்டுவிட்டன.