தீபாவளி மளிகைக் கழிவு: அட்டையில் எப்படி எழுதுவது?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே மளிகைக் கடைகளில் அட்டை தொங்க ஆரம்பித்துவிடும். ‘அதிகம் வாங்குங்கள், அதிகம் மிச்சப்படுத்துங்கள்’ என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே மூன்று வரி. அந்த மூன்று வரியை எழுதும் வேலை பல வீடுகளில் நம்மைப் போன்ற பிள்ளைகளிடம்தான் வரும். “நீதான் படிக்கிற பையன், நல்லா எழுதிக் கொடு” என்பார்கள். சின்ன வேலைதான். ஆனால் அதைத் தெளிவில்லாமல் எழுதினால், 45 வெள்ளி கழியும் என்று நம்பி வந்த ஒரு ஆன்ட்டி கல்லாவில் பின்னால் வரிசை நிற்க, தள்ளுவண்டியிலிருந்து நெய் டின்னைத் திரும்ப எடுத்து வைக்க வேண்டி வரும்.

இந்தப் பாடத்துக்கு ஓர் அட்டையை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக இப்படித்தான் எழுதுவார்கள்:

100 – 200 வெள்ளி: 5% கழிவு
200 – 300 வெள்ளி: 10% கழிவு
300 வெள்ளிக்கு மேல்: 15% கழிவு

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. இப்போது 240 வெள்ளி பில்லோடு மூன்று பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் மொத்தப் பில்லுக்கும் 10% என்று படிக்கிறார். அவருக்குக் கழிவு 24 வெள்ளி. இரண்டாவது ஆள் வருமான வரி கட்டிப் பழகியவர். ஒவ்வொரு படிக்கும் அதனதன் விகிதம் என்று நினைக்கிறார்: முதல் 100-க்கு ஒன்றுமில்லை, அடுத்த 100-க்கு 5%, மிச்சம் 40-க்கு 10%. ஆக 5-உம் 4-உம் சேர்த்து 9 வெள்ளி. மூன்றாவது ஆள் இரண்டு படியையும் தாண்டிவிட்டதால் இரண்டு கழிவும் உண்டு என்று நம்புகிறார். அவர் கணக்கில் 15%, அதாவது 36 வெள்ளி. ஒரே அட்டை, ஒரே பில், மூன்று விடை. யாரும் தப்பாகப் படிக்கவில்லை. அட்டை மூன்றுக்குமே இடம் கொடுக்கிறது.

என் கருத்தில் முதலில் தூக்க வேண்டியது சதவிகிதக் குறியைத்தான். கூட்ட நேரத்தில், ஒரு கையில் பிள்ளையோடு நிற்பவர் 240-இல் 10% என்ன என்று மனக்கணக்குப் போட மாட்டார். கழிவை வெள்ளியாகவே சொல்லிவிடுங்கள். 100-இல் 5%, 200-இல் 10%, 300-இல் 15% என்றால் முறையே 5, 20, 45 வெள்ளி. அந்த எண்களையே எழுதலாம். ஆனா ஒன்று, இதில் வாங்குபவருக்குக் கொஞ்சம் நட்டம் உண்டு. 280 வெள்ளி பில்லுக்கு மொத்தத்தில் 10% என்றால் 28 வெள்ளி கழியும், நிலையான தொகை என்றால் 20-தான். கடைக்காரர் பிரியப்பட்டால் நடுவில் 250-க்கு இன்னொரு படி வைக்கலாம். அதற்கு மேல் படிகளைக் கூட்டாதீர்கள். ஐந்தாறு படி ஆகிவிட்டால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

அடுத்தது எல்லை. மேலே உள்ள அட்டையில் சரியாக 200 வெள்ளி வாங்கியவர் எந்த வரியில் வருகிறார்? இரண்டிலும் வருகிறார். சரியாக 300 என்றால் ‘மேல்’ என்ற சொல் அவரை வெளியே தள்ளுகிறது. ‘தாண்டினால்’ என்பதும் அப்படித்தான், 300 போதாது, கூட 5 காசாவது வேண்டும். இதற்குத் தமிழில் நல்ல சொல் ஒன்று இருக்கிறது: ‘எட்டினால்’. 300-ஐ எட்டினால் என்றால் சரியாக 300-உம் அதில் சேரும், அதற்கு மேலும் சேரும். ‘அல்லது அதற்கு மேற்பட்ட’ என்று நீட்ட வேண்டியதில்லை.

இன்னொரு சொல் வம்பு பண்ணும். “100 வெள்ளிக்கு 5 வெள்ளி கழிவு” என்று எழுதினால் பலர் ‘ஒவ்வொரு 100-க்கும்’ என்று எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் பேச்சிலே நாம் அப்படித்தான் சொல்கிறோம். 600 வெள்ளிக்கு வாங்கியவர் இரண்டு 300 என்று எண்ணி 90 வெள்ளி கேட்பார். கிடையாது என்று சொன்னால், பில்லை இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்வார். அதைக் கடை அனுமதிக்குமா இல்லையா என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டு அட்டையிலேயே போட்டுவிடுங்கள். கல்லாவில் நிற்கும் தங்கச்சி தலையில் அந்த முடிவைக் கட்டக்கூடாது.

இதையெல்லாம் சேர்த்துத் திருத்தினால் அட்டை இப்படி வரும்:

ஒரு பில் 100 வெள்ளியை எட்டினால் 5 வெள்ளி கழிவு
200 வெள்ளியை எட்டினால் 20 வெள்ளி கழிவு, 180 கட்டினால் போதும்
300 வெள்ளியை எட்டினால் 45 வெள்ளி கழிவு, 255 கட்டினால் போதும்
ஒரு பில்லுக்கு ஒரு கழிவுதான். 300-க்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் கழிவு 45.

‘கட்டினால் போதும்’ என்ற பகுதியை இடமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். கையில் உள்ள காசோடு ஒப்பிட்டுப் பார்க்க மக்களுக்கு வேண்டியது அந்த எண்தான்.

அந்த எண் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். 285 வெள்ளி பில்லுக்கு 20 கழித்து 265 கட்ட வேண்டும். ஆனா இன்னும் 15 வெள்ளிக்கு உளுந்தும் கடலை மாவும் எடுத்து 300 ஆக்கினால் 255-தான். பொருள் கூடுகிறது, கட்டும் பணம் 10 வெள்ளி குறைகிறது! கணக்குப் போட்டால், 275-ஐத் தாண்டிய எவருக்கும் 300-ஐ எட்டுவதுதான் மலிவு. இரண்டாம் படிக்கு இந்தக் கோடு 185, முதல் படிக்கு 95. இந்த மூன்று எண்களையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கல்லாவில் ஒட்டினால், “ஆன்ட்டி, இன்னும் 15 வெள்ளிக்கு எடுத்தீங்கன்னா குறைவா கட்டலாம்” என்று கேஷியர் சொல்ல முடியும். 220-இல் நிற்பவரிடம் அதைச் சொல்லக்கூடாது. அவர் 200-க்குப் பதில் 255 கட்டுவார், அதாவது 80 வெள்ளிப் பொருளுக்கு 55 வெள்ளி கூடுதல். அந்தப் பொருள் வீட்டுக்குத் தேவை என்றால் நல்ல விலை. தேவையில்லை என்றால் 55 வெள்ளி வீண்.

விலக்கு உள்ள பொருள்களில்தான் அதிகச் சண்டை வரும். அரிசி, சீனி, சமையல் எண்ணெய், குழந்தைப் பால்மாவு ஆகியவற்றைப் பல கடைகள் இந்தக் கழிவில் சேர்ப்பதில்லை. பில் 310 வெள்ளி, அதில் அரிசி 40 என்றால், கணக்கில் வருவது 270. கழிவு 20-தான், 45 இல்லை. இதை அட்டையின் அடியில் பொடி எழுத்தில் போட்டால் யார் கண்ணிலும் படாது. தலைப்புக்கு நேர் கீழே, மற்ற வரிகளின் அதே அளவில் எழுதுங்கள்: “அரிசி, சீனி, எண்ணெய், பால்மாவு கணக்கில் சேராது.” விலையைப் பற்றித் தவறான எண்ணம் தரும் அறிவிப்பு 1999-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் முதலாளிக்கு மெல்லச் சொல்லி வைக்கலாம்.

கல்லா இயந்திரத்தில் இதை நீங்களே பதிவு செய்வதாக இருந்தால், பெரிய படியை முதலில் சோதிக்க வேண்டும்:

```
if bill >= 300: off = 45
elif bill >= 200: off = 20
elif bill >= 100: off = 5
else: off = 0
```

வரிசையை மாற்றி 100-ஐ மேலே வைத்தால், 310 வெள்ளி பில்லும் முதல் வரியிலேயே நின்று 5 வெள்ளியோடு திரும்பிவிடும். `bill` என்பதில் விலக்கான பொருள்களைக் கழித்த தொகை இருக்க வேண்டும். 99.95, 100, 199.95, 200, 299.95, 300 என்று ஆறு பில் அடித்துப் பாருங்கள். முறையே 0, 5, 5, 20, 20, 45 வந்தால் இயந்திரம் சரி.

அட்டையையும் இதே மாதிரி சோதிக்கலாம். ஒட்டுவதற்கு முன் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமோ, ஐந்தாம் வகுப்புத் தம்பியிடமோ காட்டி, 200-க்கு எவ்வளவு, 299-க்கு எவ்வளவு, 450-க்கு எவ்வளவு என்று கேளுங்கள். நீங்கள் வாய் திறந்து விளக்கக்கூடாது. 20, 20, 45 என்று உடனே பதில் வந்தால் ஒட்டலாம். எந்த எண்ணில் தயங்குகிறார்களோ, அந்த வரியைத் திரும்ப எழுத வேண்டும்.