ஸ்விட்ச் ஏன் எல்லாரையும் நம்புது?

நெட்வொர்க்ஸ் லேப் வைவாவில் கட்டாயம் வரும் ஒரு கேள்வி: "மேக் ஃபிளடிங்னா என்ன, எப்படித் தடுப்பீங்க?" நாமும் மனப்பாடமாகச் சொல்வோம்: "டேபிள் நிரம்பும், ஸ்விட்ச் ஹப் மாதிரி ஆயிடும், போர்ட் செக்யூரிட்டி போடணும் சார்." மார்க் கிடைச்சிடும். ஆனா இந்தப் பதிலில் ஒரு பகுதி பாதிதான் உண்மை. அது எந்தப் பகுதின்னு இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கூடுவாஞ்சேரி பக்கம் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி எழும்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை நினைச்சுக்கோங்க. வாட்ச்மேன் வேலைக்குப் புதுசு. யார் எந்த வீட்டிலிருந்து வெளியே வந்தாலும், அவங்க சொல்ற பேரை அந்த வீட்டு நம்பருக்கு நேரா நோட்டுல எழுதிக்கறார். கூரியர் வந்தா நோட்டைப் பார்க்கிறார். பேர் இருந்தா அந்த வீட்டுக்கு அனுப்புவார். இல்லைன்னா எல்லா மாடிக்கும் கேட்கிற மாதிரி சத்தமா கூப்பிடுவார். பேரைச் சொன்னவர் உண்மையைத்தான் சொன்னாரான்னு அவர் சோதிக்கவே மாட்டார்.

ஸ்விட்ச் செய்வதும் இதேதான். ஒரு ஃப்ரேம் வந்ததும் அதன் சோர்ஸ் மேக் அட்ரஸை, வந்த போர்ட்டோடு சேர்த்து டேபிளில் எழுதிக்கொள்ளும். டெஸ்டினேஷன் அட்ரஸ் டேபிளில் இருந்தால் அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லாவிட்டால் அந்த விலானில் இருக்கும் மற்ற எல்லா போர்ட்டுக்கும் அனுப்பும். இது கோளாறு இல்லை. 1990-இல் ஐஇஇஇ 802.1டி தரமாக வந்த பிரிட்ஜ் வடிவமைப்பே இப்படித்தான். யாரும் உட்கார்ந்து எதையும் கான்ஃபிகர் செய்யாமல் ஒயரைச் செருகினதும் வேலை செய்யணும் என்பதுதான் நோக்கம். தெரியாத அட்ரஸுக்கு வந்த ஃப்ரேமைத் தூக்கிப் போட்டால் நெட்வொர்க் அங்கங்கே நின்னுடும். அதனால் எல்லாருக்கும் அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். ரகசியம் காப்பது அந்த வடிவமைப்பின் குறிக்கோளில் இல்லவே இல்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் டக் சாங் வெளியிட்ட டிஸ்னிஃப் தொகுப்பில் இருந்த `macof` என்ற கருவி, பொய்யான சோர்ஸ் அட்ரஸ்களை வரிசையாக அனுப்பி இந்த நம்பிக்கையைத்தான் பயன்படுத்திக்கொண்டது.

இப்போ கணக்குக்கு வருவோம். நம்ம லேபில் இருப்பது போன்ற சாதாரண 24 போர்ட் ஸ்விட்ச்சின் டேபிளில் சுமார் 8,000 அட்ரஸ் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். 300 விநாடி ஒரு அட்ரஸிடமிருந்து ஃப்ரேம் எதுவும் வராவிட்டால் ஸ்விட்ச் அதை அழித்துவிடும். டேபிளை நிரம்பிய நிலையிலேயே வைத்திருக்க எவ்வளவு வேகம் தேவை? 8,000-ஐ 300-ஆல் வகுத்தால் விநாடிக்கு 27 பொய் அட்ரஸ்கூட வராது. 100 எம்பிபிஎஸ் லிங்க்கில் மிகச் சிறிய ஃப்ரேம்கள் விநாடிக்கு 1,48,000-க்கு மேல் போக முடியும். அதோடு ஒப்பிட்டால் 27 என்பது ஒன்றுமே இல்லை.

நாம் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இனிமேல்தான். டேபிள் நிரம்பிய அடுத்த நொடியே ஸ்விட்ச் ஹப் ஆகிவிடாது. பெரும்பாலான ஸ்விட்ச்களில், ஏற்கனவே டேபிளில் இருக்கும் உண்மையான அட்ரஸ்களைப் புது அட்ரஸ் தள்ளிவிடாது. பேசிக்கொண்டே இருக்கும் கணினியின் என்ட்ரி ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதுப்பிக்கப்படுவதால் பத்திரமாகவே இருக்கும்.

ஒரு உதாரணம் பாருங்க. போர்ட் 1-இல் உங்க பிசி, போர்ட் 2-இல் லேப் சர்வர், போர்ட் 3-இல் ஃபிளட் அனுப்பும் ஆள். காலையில் நீங்களும் சர்வரும் தொடர்ந்து பேசுறீங்க, அதனால் மூன்றாவது ஆளுக்கு எதுவும் போகாது. மதியம் சாப்பிடப் போறீங்க. சர்வர் ஐந்து நிமிஷத்துக்கு மேல் அமைதியா இருக்கு. அதோட என்ட்ரி அழிகிறது, அந்தக் காலி இடத்தை உடனே ஒரு பொய் அட்ரஸ் பிடிச்சுக்குது. திரும்பி வந்து நீங்க சர்வருக்கு அனுப்பும் ஃப்ரேமுக்கு டேபிளில் முகவரி இல்லை. அது எல்லா போர்ட்டுக்கும் போகிறது, போர்ட் 3-க்கும்தான். சர்வர் பதில் அனுப்பினாலும் இடம் இல்லாததால் ஸ்விட்ச் அதைக் கற்றுக்கொள்ளாது. ஆக, கசிவு ஒரே அடியாக வராது, அமைதியாக இருந்தவங்களில் தொடங்கி மெதுவாகப் பரவும். இன்று பெரும்பாலான இணையப் போக்குவரத்து என்கிரிப்ட் ஆகியிருப்பதால் படிக்கக் கிடைப்பது குறைவு. ஆனால் டெல்நெட் மாதிரி பழைய பயன்பாடுகள் அப்படியே தெரியும்.

கண்டுபிடிப்பது எளிது. `show mac address-table count` கொடுங்க. 60 கணினி இருக்கும் லேபில் ஆயிரக்கணக்கில் எண் வந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

இனி தடுப்பு. போர்ட் செக்யூரிட்டி செய்வது ஒரே வேலை: ஒரு போர்ட்டில் எத்தனை சோர்ஸ் அட்ரஸ் வரலாம் என்று வரம்பு போடுவது.

```
interface fa0/5
 switchport mode access
 switchport port-security
 switchport port-security maximum 2
 switchport port-security violation restrict
```

24 போர்ட்டுக்கும் தலா 2 என்றால் மொத்தம் 48 அட்ரஸ்தான். 8,000-ஐ எட்டவே முடியாது. மூன்றாவது அட்ரஸோடு வரும் ஃப்ரேமை `restrict` கீழே போட்டுவிட்டு, எண்ணி, பதிவும் செய்யும். `protect` சத்தமில்லாமல் போடும். எதுவும் சொல்லாவிட்டால் வருவது `shutdown`, போர்ட்டையே மூடிவிடும்.

மேலே மூன்றாவது வரியை நான் முதல் தடவை விட்டுட்டேன். `maximum` போட்டதால் வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். கான்ஃபிகில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. பிறகு `show port-security interface fa0/5` கொடுத்தப்போ வந்தது இது:

```
Port Security              : Disabled
```

வரம்பு எழுதியிருக்கு, ஆனா காவல் இல்லை. ஸ்விட்ச் ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்கவில்லை. அதனால் கான்ஃபிகை மட்டும் நம்பாதீங்க, இந்த ஒரு வரியைப் பார்த்த பிறகு லேப் ரெக்கார்டில் எழுதுங்க.

இன்னொரு சிக்கல் `sticky`. அது முதலில் பார்த்த அட்ரஸை கான்ஃபிகிலேயே எழுதிவிடும். ஒரே கணினி நிற்கும் ஆபீஸ் மேஜைக்கு நல்லது. காலையில் ஒருத்தர் லேப்டாப், மதியம் இன்னொருத்தர் லேப்டாப் செருகும் லேபில் வரம்பு சீக்கிரமே நிரம்பி, தப்பே செய்யாதவங்க தடைபடுவாங்க.

கடைசியாக, இந்தத் தடுப்பின் எல்லை. ஒன்று, இது போட்ட போர்ட்டை மட்டுமே காக்கும். அப்லிங்க்கின் மறுமுனையில் இருக்கும் ஸ்விட்ச்சில் ஒரு போர்ட் திறந்து கிடந்தால், அங்கே தொடங்கும் ஃபிளட் அப்லிங்க் வழியாக வந்து நம்ம டேபிளையும் நிரப்பும். இரண்டு, இது எண்ணிக்கையைப் பார்க்கிறதே தவிர ஆளைப் பார்ப்பதில்லை. சர்வரின் ஒயரைக் கழற்றித் தன் லேப்டாப்பில் செருகி, சர்வரின் மேக் அட்ரஸையே போட்டுக்கொண்டால் வரம்புக்குள் நுழைந்துவிடலாம். ஆள் யார் என்று கேட்க 802.1எக்ஸ் வேண்டும்.

நோட்டுல ஒரு வீட்டுக்கு இரண்டு பேர்தான்னு வாட்ச்மேனுக்குச் சொல்லியாச்சு. நோட்டு இனி நிரம்பாது. ஆனா வர்றவங்க சொல்ற பேரை அவர் இன்னும் அப்படியேதான் நம்புறார். அடுத்த வைவாவில் "போர்ட் செக்யூரிட்டி" என்று சொன்ன பிறகு, இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்லுங்க.